'ஒருநாள் இதெல்லாம் உனக்குத்தான்': பண்ணை வீட்டில் சொன்ன வாக்கும் லண்டன் நீதிமன்றமும்

இங்கிலாந்தும் வேல்ஸும் சந்திக்கும் எல்லையருகே, செப்ஸ்டோ ஊரை ஒட்டி ஒரு பால் பண்ணை இருக்கிறது. டம்ப் பண்ணை என்று பெயர். அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் 1982-இல் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அப்பாவுடன் பண்ணையில் இறங்கினார். அடுத்த 33 ஆண்டுகளும் அங்கேயே உழைத்தார். கைக்கு வந்த சம்பளம் சொற்பம். குடியிருந்த வீடும் பண்ணைக்குச் சொந்தமானதுதான். தன் திறமைக்கு வெளியில் இதைவிட நல்ல சம்பளம் கிடைத்திருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அவர் நகரவில்லை. அப்பாவின் காலத்துக்குப் பிறகு தனியாகப் பிழைப்பு நடத்தப் போதுமான அளவு நிலமும் தொழிலும் தனக்கு வரும் என்று வீட்டில் ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்டு வந்தது. அதை அவர் நம்பினார்.

2014-இல் பெற்றோர் உயிலை மாற்றினார்கள். அப்பா, அம்மா, மகன் மூவரும் சேர்ந்து நடத்திய கூட்டுத் தொழில் 2015-இல் கலைக்கப்பட்டது. குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸும் வந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில் மனிதர் வேறு வேலை தேடிப் போனார். பிறகு பெற்றோர் மீதே வழக்குத் தொடுத்தார். 'கெஸ்ட் எதிர் கெஸ்ட்' எனப்படும் அந்த வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 அக்டோபர் 19 அன்று தீர்ப்பானது. எழுத்தில் இல்லாத ஒரு வாக்கைச் சட்டம் எந்த அளவுக்குக் காப்பாற்றும் என்று கேட்பவர்களுக்கு இன்று அந்த நாட்டில் முதலில் காட்டப்படும் தீர்ப்பு அதுதான்.

பிறப்பால் பங்கு கிடையாது

நம்மூர் வாசகருக்கு உடனே ஒரு கேள்வி எழும். அப்பாவின் நிலத்தில் மகனுக்குப் பங்கு இல்லாமல் போகுமா? பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு உண்டு என்ற இந்துக் குடும்பச் சட்டத்தின் ஏற்பாடு இங்கிலாந்தில் கிடையாது. அங்கே சொத்துக்காரர் தன் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். பிள்ளைகளை அடியோடு விலக்கலாம். உயிரோடு இருக்கும்வரை உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். 1975-ஆம் ஆண்டின் ஒரு சட்டம் குடும்பத்தினரும் அவரைச் சார்ந்திருந்தவர்களும் நீதிமன்றத்தை அணுக வழி செய்கிறது. ஆனால் வளர்ந்த பிள்ளைக்கு அதில் கிடைக்கக்கூடியது நியாயமான பராமரிப்புத் தொகை. பண்ணை அல்ல.

ஒப்பந்தச் சட்டமும் கைகொடுக்காது. நிலம் தொடர்பான ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சமையலறை மேசையில் தேநீரோடு சொன்ன வார்த்தை ஒப்பந்தம் ஆகாது.

மகன்களுக்கு மிஞ்சும் வழி 'புரொப்ரைட்டரி எஸ்டாப்பல்' என்ற விதி. நம் சட்டத் தமிழில் எஸ்டாப்பலை முரண்தடை என்பார்கள். சொத்தைத் தருவதாக ஒருவர் நம்பிக்கை ஊட்டுகிறார். மற்றவர் அதை நம்பித் தன் வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறார். பிறகு வாக்குக் கொடுத்தவர் கையை விரிக்கிறார். அது மனசாட்சிக்கு ஒவ்வாத செயல் என்று தெரிந்தால் நீதிமன்றம் தலையிடும். இதை நிலைநாட்ட மூன்று விஷயங்களை மெய்ப்பிக்க வேண்டும். வாக்கு கொடுக்கப்பட்டது, அதை நம்பி நடந்தது, நம்பியதால் இழப்பு ஏற்பட்டது. மூன்றையும் சேர்த்துப் பார்த்து, இந்த நிலையில் பின்வாங்குவது அநியாயமா என்று நீதிபதி முடிவு செய்வார்.

வாய் திறக்காதவர் கொடுத்த வாக்கு

மூன்றில் முதலாவதுதான் பல வழக்குகளில் இடறும் இடம். பண்ணைக் குடும்பங்களில் யாரும் "இன்ன சர்வே எண் நிலத்தை உனக்குத் தருகிறேன்" என்று பேசுவதில்லை. எவ்வளவு தெளிவாகச் சொன்னால் அது வாக்கு? இதற்கு விடை தந்தது 2009-இல் பிரபுக்கள் சபை தீர்த்த 'தார்னர் எதிர் மேஜர்' வழக்கு.

சாமர்செட் மாவட்டத்தில் செடார் ஊரில் ஸ்டியர்ட் பண்ணை. அதன் உரிமையாளர், வழக்குத் தொடுத்தவருக்கு அப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரர். நம் முறைப்படி பெரியப்பாவோ சித்தப்பாவோ. அவருடைய பண்ணையில் இவர் 1976 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஒரு காசு கூலி வாங்காமல் வேலை செய்தார். இருவரும் வாய் திறந்து பேசுவதே அபூர்வம். பண்ணை உனக்குத்தான் என்று பெரியவர் ஒருமுறைகூட நேரடியாகச் சொன்னதில்லை. 1990-இல் ஒருநாள் தன் ஆயுள் காப்பீட்டு போனஸ் அறிவிப்பை இவர் கையில் கொடுத்து, தன் மரணத்துக்குப் பின் வரும் வரிக்கு இது என்ற பொருளில் ஏதோ சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் சின்னச் சின்னக் குறிப்புகள். அவ்வளவுதான்.

1997-இல் பெரியவர் எழுதிய உயிலில் பண்ணை இவருக்கு வரும்படிதான் இருந்தது. பிறகு அதே உயிலில் பணம் ஒதுக்கப்பட்டிருந்த வேறொருவருடன் மனத்தாங்கல் வந்து, உயிலையே அழித்துவிட்டார். புதிதாக எழுதவில்லை. 2005-இல் அவர் இறந்தபோது உயில் இல்லாததால் சொத்து உடன்பிறந்தவர்களுக்குப் போக வேண்டியதாயிற்று.

முதல் நீதிமன்றம் இவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தப் பேச்சை வாக்கு என்று சொல்ல முடியாது என மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பிரபுக்கள் சபை மீண்டும் இவருக்கே பண்ணையைத் தந்தது. வாக்கு, சூழலை வைத்துப் பார்க்கும்போது போதிய தெளிவுடன் இருந்தால் போதும் என்றார் வாக்கர் பிரபு. யார், யாரிடம், எப்படிப்பட்ட பழக்கத்தில் பேசினார்கள் என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும். வளவளவென்று பேசுபவர் போகிற போக்கில் சொன்னதற்கு ஒரு பொருள் இருக்கலாம். வாழ்நாளெல்லாம் வாய்மூடி இருந்தவர் ஒரு காகிதத்தை நீட்டினால் அதற்கு வேறு பொருள். நம்பவைக்க வேண்டும் என்ற உள்நோக்கம் பெரியவருக்கு இருந்ததா என்பதும் முக்கியமில்லை. கேட்டவர் அதை அப்படி எடுத்துக்கொண்டது நியாயமா என்பதே கேள்வி.

இடையில் அந்தப் பண்ணையின் பரப்பும் மாறியிருந்தது. கொஞ்சம் விற்றிருந்தார், கொஞ்சம் வாங்கியிருந்தார். அதனால் எந்த நிலம் என்ற தெளிவு இல்லையே என்ற வாதமும் எடுபடவில்லை. இறக்கும்போது பண்ணை எப்படி இருந்ததோ அதுதான் வாக்கில் சொன்ன பண்ணை என்றது சபை.

எங்கே தோற்கிறார்கள்

இதைப் படித்துவிட்டு, பண்ணையில் உழைத்த மகன் எல்லாரும் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தால் தவறு. 2018-இல் தீர்ந்த 'ஜேம்ஸ் எதிர் ஜேம்ஸ்' வழக்கில் மகன் தோற்றார். அப்பா பேசியதெல்லாம் அன்றைய தேதியில் தன் மனத்தில் இருந்த எண்ணம், கட்டுப்படுத்தும் வாக்கு அல்ல என்று நீதிபதி கண்டார். இழப்பும் நிலைநாட்டப்படவில்லை. மகன் வேலைக்குச் சம்பளம் வாங்கியிருந்தார், தொழிலில் பங்காளியாகவும் ஆக்கப்பட்டிருந்தார்.

"உனக்கு எழுதலாம் என்று இருக்கிறேன்" என்பதற்கும் "இது உனக்குத்தான், அதை நம்பி இரு" என்பதற்கும் இடையிலுள்ள தூரம்தான் இந்த வழக்குகளின் போர்க்களம். உயில் என்றாலே மாற்றக்கூடியது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே உயிலில் பெயர் இருந்ததைக் காட்டினால் மட்டும் போதாது. மாற்றமாட்டேன் என்ற நம்பிக்கை ஊட்டப்பட்டதா என்று பார்ப்பார்கள். அதே சமயம் பழைய உயில், வாக்கு உண்மையில் கொடுக்கப்பட்டது என்பதற்குத் துணைச் சான்றாக நிற்கும். டம்ப் பண்ணை வழக்கிலும் 1981-இல் பெற்றோர் எழுதிய உயில் முக்கியச் சான்றாக இருந்தது.

இழப்பைக் கணக்கிடும்போது நீதிமன்றம் இரு பக்கமும் பார்க்கும். வாங்காத கூலி, விட்டுக்கொடுத்த வேறு வேலை, வாங்காமல் போன சொந்த வீடு, ஞாயிற்றுக்கிழமைகூட இல்லாத உழைப்பு இவையெல்லாம் ஒரு தட்டில். வாடகை இல்லாத வீடு, வீட்டுச் சாப்பாடு, பண்ணைச் செலவில் ஓடிய வண்டி, தொழிலில் கிடைத்த லாபப் பங்கு மறு தட்டில். கழித்த பிறகும் கணிசமான இழப்பு மிஞ்ச வேண்டும். அது பணமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. இருபது வயதில் வேறு வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடியவர் அந்த வாய்ப்பை இழந்ததும் இழப்புதான். கூலியே வாங்காதவருக்கு வழக்கு வலுப்படுவது இதனால்தான். குறைந்த கூலி வாங்கியவரும் வெல்லலாம். ஆனால் சந்தைக் கூலி முழுதாக வாங்கியவர், தான் எதை இழந்தேன் என்று விளக்கத் திணறுவார்.

எவ்வளவு? எப்போது?

இனி மீண்டும் செப்ஸ்டோ பக்கம். மகனுக்கு வாக்கு கொடுக்கப்பட்டது, அவர் அதை நம்பினார், இழந்தார் என்பதை முதல் நீதிமன்றமே ஏற்றது. உச்ச நீதிமன்றம் வரை போன சிக்கல் வேறு. பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தார்கள். வாக்கோ அவர்கள் காலத்துக்குப் பிறகு நிறைவேற வேண்டியது. பெற்றோரும் மகனும் ஒரே பண்ணையில் இனி முகம் பார்த்து வேலை செய்ய முடியாது. அப்படியானால் மகனுக்கு இப்போது என்ன கொடுப்பது?

பிரிஸ்டல் நகரில் வழக்கை விசாரித்த நீதிபதி 2019-இல் ஒரேயடியாகக் கணக்கைத் தீர்த்துவிட நினைத்தார். பால் தொழிலின் மதிப்பில் வரி போக 50 சதவீதம், நிலம், கட்டடங்களின் மதிப்பில் வரி போக 40 சதவீதம் மகனுக்குப் பணமாகத் தரவேண்டும் என்றார். வாக்கு முழுப் பண்ணைக்கும் கொடுக்கப்பட்டதல்ல, மற்றப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதால்தான் முழு மதிப்பு கிடைக்கவில்லை. பண்ணை வீட்டில் பெற்றோர் ஆயுள் முழுக்க வசிக்கும் உரிமைக்காகக் கொஞ்சம் கழித்தார். மொத்தம் சுமார் 13 லட்சம் பவுண்டு. மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை ஏற்றது. நடைமுறையில் இதன் பொருள், பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பண்ணையை விற்றாக வேண்டும் என்பது.

உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தார்கள். அந்தப் பிளவில்தான் இந்த விதியின் உயிர் இருக்கிறது.

சிறுபான்மையில் இருந்த லெகட் பிரபு, நம்பியதால் மகன் எதை இழந்தாரோ அதை ஈடுசெய்வதே நீதிமன்றத்தின் வேலை என்றார். அவர் கணக்கில் வந்த தொகை 6,10,000 பவுண்டு. முதல் நீதிமன்றம் தந்ததில் பாதிக்கும் குறைவு.

பெரும்பான்மைக்காக எழுதிய பிரிக்ஸ் பிரபு இதை ஏற்கவில்லை. குறை இழப்பில் இல்லை, வாக்கிலிருந்து பின்வாங்கியதில் இருக்கிறது. ஆகவே அந்தப் பின்வாங்கலைச் சரிசெய்வதுதான் நோக்கம். தொடங்க வேண்டிய இடம் வாக்கை நிறைவேற்றுவது. முப்பது ஆண்டு உழைப்பையும் தவறவிட்ட வாழ்க்கையையும் பவுண்டு கணக்கில் துல்லியமாக அளக்க முயல்வது பெரும்பாலும் பயனற்றது. ஆனால் வாக்கின் மதிப்பு இழப்போடு ஒப்பிட்டால் எங்கோ எட்டாத உயரத்தில் இருந்தால், நீதிமன்றம் அளவைக் குறைக்கலாம்.

இரண்டு அணுகுமுறைக்கும் இடையே இவ்வளவு பெரிய வித்தியாசம் வரக் காரணம் விவசாயப் பொருளாதாரமே. இங்கிலாந்தில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. அதில் கிடைக்கும் பால் வருமானமோ அந்த வேகத்தில் ஏறவில்லை. பண்ணைக்காரர் கையில் காசு இருக்காது, காலடியில் இருக்கும் மண் மட்டும் லட்சக்கணக்கில் பெறும். விட்டுப்போன கூலியைக் கூட்டினால் ஒரு தொகை வரும். வாக்களித்த நிலத்தை மதிப்பிட்டால் அதைப்போல் இருமடங்கோ மும்மடங்கோ வரும். 'மாட்டுக்கொட்டகை சிண்ட்ரெல்லா' என்று பத்திரிகைகள் பேரிட்ட 'டேவிஸ் எதிர் டேவிஸ்' வழக்கில், வேல்ஸ் பண்ணை ஒன்றில் உழைத்த மகளுக்கு முதலில் 13 லட்சம் பவுண்டு கிடைத்தது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 5 லட்சமாகக் குறைத்தது. எந்த அளவுகோலைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் பண்ணை மிஞ்சும், அல்லது ஏலத்துக்குப் போகும்.

முன்கூட்டி வாங்கினால் கழிவு

வாக்கை நிறைவேற்ற வேண்டும் என்ற கொள்கையில் மகன் பக்கம் நின்ற பெரும்பான்மை, தொகை விஷயத்தில் பெற்றோர் பக்கம் வந்தது. வாக்கில் சொன்னது என்ன? பெற்றோர் காலத்துக்குப் பிறகு தருவது. முதல் நீதிபதி பண்ணை வீட்டுக்காக மட்டும் கழித்தாரே தவிர, நிலத்தையும் தொழிலையும் பல ஆண்டு முன்னதாகவே கையில் வாங்குவதற்காக எதுவும் கழிக்கவில்லை. அதனால் வாக்கில் இருந்ததைவிட அதிகமாகவே மகனுக்குக் கிடைத்துவிட்டது.

இந்தக் கழிவு சிறிய தொகை அல்ல. ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருபது ஆண்டு கழித்து வரவேண்டிய பங்கின் மதிப்பு 10 லட்சம் பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அதை இன்றே வாங்கினால், ஆண்டுக்கு 4 சதவீதம் என்ற விகிதத்தில் தள்ளிக் கணக்கிட்டால், இன்றைய மதிப்பு சுமார் 4,56,000 பவுண்டுதான். பத்து ஆண்டுக்குள் வரவேண்டியது என்றால் சுமார் 6,76,000. பெற்றோரின் வயதும் எந்த விகிதத்தை ஏற்பது என்பதும் தீர்ப்புத் தொகையைப் பாதிவரை மாற்றிவிடும். ஆகவே இப்போது இத்தகைய வழக்குகளில் இந்தக் கழிவைப் பற்றியும் வாதம் நடக்கும்.

கடைசியில் உச்ச நீதிமன்றம் பெற்றோர் கையில் ஒரு தேர்வைக் கொடுத்தது. ஒன்று, மகனின் பங்கை அறக்கட்டளை ஏற்பாட்டில் வைப்பது. பெற்றோர் இருவரும் ஆயுள் முழுக்கப் பண்ணையை அனுபவிக்கலாம், அவர்களுக்குப் பின் அந்தப் பங்கு மகனுக்கு. இரண்டு, இப்போதே பணம் கொடுத்துக் கணக்கை முடிப்பது. ஆனால் முன்கூட்டிக் கொடுப்பதற்கான கழிவு போக. தொகையில் ஒத்துப்போக முடியாவிட்டால் உயர் நீதிமன்றம் அதை நிர்ணயிக்கும்.

இதில் மகன் தோற்றாரா வென்றாரா என்று ஒரே சொல்லில் சொல்ல முடியாது. வாக்கு காப்பாற்றப்பட்டது. ஆனால் வாக்கில் இல்லாத அவசரம் மறுக்கப்பட்டது.

வாக்குக் கொடுப்பவரின் இடர்

இந்தத் தீர்ப்புகளைப் படித்த பிறகு இங்கிலாந்தில் பண்ணைக் குடும்பங்களின் வழக்குரைஞர்கள் பிள்ளைக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் அறிவுரை சொல்ல வேண்டியிருக்கிறது. நாற்பது வயதில் மகனை வேலையில் தக்கவைக்கச் சொன்ன ஒரு வாக்கியம், எழுபது வயதில் உயில் எழுதும் உரிமையைக் கட்டிப்போடலாம். மற்றப் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று பிறகு நினைத்துப் பார்க்கும்போது கொடுக்க எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

தார்னர் வழக்கில் ஸ்காட் பிரபு கேட்ட ஒரு கேள்வி இங்கே பொருந்தும். பெரியவர் நோய்வாய்ப்பட்டு, முதியோர் இல்லச் செலவுக்காகப் பண்ணையை விற்க வேண்டி வந்திருந்தால்? வாழ்க்கையின் இத்தகைய திருப்பங்களுக்கு வாக்கு இடம்கொடுத்ததாகவே கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் அந்த நிபந்தனைகளை அன்றே யாரும் பேசியிருக்க மாட்டார்கள். முப்பது ஆண்டு கழித்து, பேசாத நிபந்தனைகளை நீதிபதி ஊகிக்க வேண்டியிருக்கும்.

பிள்ளையின் பக்கத்தில் செய்ய வேண்டியது அலுப்பூட்டும் வேலைதான். எந்த ஆண்டு எவ்வளவு சம்பளம், வெளியில் வந்த வேலை வாய்ப்பை எப்போது எதற்காக மறுத்தார், வங்கிக்கடனுக்குப் போனபோது பண்ணையின் வருங்காலம் பற்றி அப்பா என்ன சொன்னார், கணக்காளரின் குறிப்பில் என்ன இருக்கிறது என்பவைதான் வழக்கில் பேசும். பால் கறக்கும் நேரத்தில் சொன்ன வார்த்தைக்குச் சாட்சி இருக்காது. வங்கிக்கும் கணக்காளருக்கும் எழுதியவை இருக்கும்.

பெற்றோர் பக்கத்தில் பாதுகாப்பு இன்னும் எளிது. கூலியைச் சந்தை விலைக்குக் கொடுத்துவிட்டால், பிற்பாடு இழப்பு என்று வாதிடும் இடம் வெகுவாகச் சுருங்கும். கொடுக்க முடியாதென்றால், எந்தப் பங்கு, எந்த நிபந்தனையில், மற்றப் பிள்ளைகளுக்கு என்ன, நோய் வந்தால் என்ன ஆகும் என்பதை எழுதி எல்லாருக்கும் காட்டிவிட வேண்டும். மாற்ற நினைத்தால் மகனுக்கு இருபத்தைந்து வயதாக இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அப்போது அவருக்கு வேறு வேலைக்குப் போக வயது இருக்கும். ஐம்பதை நெருங்கும்போது சொன்னால், அந்த இருபத்தைந்து ஆண்டுக்கான விலையை நீதிமன்றம் நிலத்திலிருந்தே எடுத்துக் கொடுக்கும்.